ப்ரமோஷன்ஸ் டேபில் விழும் மெயில்: பதில் வராததற்குக் காரணம் அதுதானா?

பெங்களூரில் சின்ன மென்பொருள் கம்பெனி நடத்தும் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு கொஞ்ச நேரத்திலேயே புது வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி என்பதில் வந்து நிற்கும். அங்கே தவறாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "மெயில் எல்லாம் ப்ரமோஷன்ஸுக்குப் போயிடுது அண்ணா, அதான் ரிப்ளையே வரல."

இதில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பின் தெரியாதவருக்கு வியாபாரம் கேட்டு அனுப்பும் மெயில் ஜிமெயிலின் ப்ரமோஷன்ஸ் டேபுக்குப் போகிறது என்பது முதலாவது. அது பெரும்பாலும் உண்மை. அதனால்தான் பதில் வரவில்லை என்பது இரண்டாவது. அது யாருக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஐடி கம்பெனிகளுக்கு அனுப்புகிறவருக்கு இந்த டேப் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தும் சிஎன்சியும் போட்டிருக்கும் பட்டறை முதலாளிகளுக்கு அனுப்புகிறவருக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எனக்குத் தெரிந்த ஒரு குழு இந்த இரண்டாவது ரகம். தொழிலாளர் வருகைப்பதிவு, ஓவர்டைம் கணக்கு பார்க்கும் மென்பொருள் விற்கிறார்கள். பீன்யாவிலிருந்து ஓசூர் வரை அவர்கள் சந்தை. அவர்கள் மெயிலை வைத்தே விஷயத்தைப் பார்க்கலாம்.

அந்த டேப் என்ன கேள்வி கேட்கிறது

ஜிமெயில் இன்பாக்ஸை டேபுகளாகப் பிரித்தது 2013 மே மாதம். பிரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ், ஃபோரம்ஸ் என்று ஐந்து. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், பிரைமரி எதற்கு என்று கூகுளே தரும் விளக்கம்: தெரிந்தவர்களிடமிருந்து வரும் மெயில்களும், மற்ற டேபுகளில் சேராத மெயில்களும். அதாவது பிரைமரி என்பது பாதிக்குப் பாதி ஒரு மிச்ச இடம். முக்கியமானதைப் பொறுக்கி அங்கே வைப்பதில்லை. மற்ற நாலில் எதிலும் அடங்காதது தானாக அங்கே தங்குகிறது.

அதனால் ஒரு மெயில் வரும்போது ஜிமெயில் "இது இவருக்கு முக்கியமா?" என்று கேட்பதில்லை. "இது விளம்பரம் போல் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறது. உங்கள் மெயில் நேர்மையானதா, பொருள் நல்லதா, வாங்குபவருக்கு அது தேவையா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. இருக்கிறது என்று தோன்றினால் ப்ரமோஷன்ஸ், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ப்ரமோஷன்ஸ் என்பது ஸ்பாம் இல்லை. அதுவும் இன்பாக்ஸின் ஒரு பகுதிதான். ஸ்பாமில் விழுந்தது முப்பது நாளில் அழிந்துவிடும், படங்கள் தெரியாது, எச்சரிக்கை தலையில் நிற்கும். ப்ரமோஷன்ஸில் விழுந்தது அப்படியே இருக்கும். நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: போனில் ஜிமெயில் ஆப் பெரும்பாலும் பிரைமரி மெயிலுக்கு மட்டும்தான் மணி அடிக்கும். ப்ரமோஷன்ஸில் வந்தது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு மெயிலைப் பிரித்துப் பார்த்தால்

பீன்யா குழு அனுப்பிய முதல் மெயிலைத் திரையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மேலே கம்பெனி லோகோ. பட்டறை முதலாளியின் பெயர் போட்டு வணக்கம். "வருகைப்பதிவுக்கு ஆகும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம்" என்று ஒரு தடித்த வரி. மூன்று பயன்கள், புள்ளி போட்டு. நீல நிறத்தில் டெமோ பட்டன். கீழே அனுப்பியவரின் படம், பதவி, நாலு சமூக ஊடக ஐகான்கள், கடைசியில் சின்ன எழுத்தில் விலகுவதற்கான இணைப்பு.

ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி "Show original" கொடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். அங்கே முதலில் கண்ணில் பட்டது இந்த மாதிரி ஒரு வரி:

```
<img src="https://track.example.com/o/8f3a.gif" width="1" height="1">
```

ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம். மெயிலைத் திறந்தாரா என்று பார்ப்பதற்காக அனுப்பும் கருவி தானாகவே செருகுவது. டெமோ பட்டனின் இணைப்பும் அவர்கள் தளத்துக்கு நேராகப் போகவில்லை. கருவிக்காரருடைய டொமைன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது, யார் அழுத்தினார் என்று எண்ணுவதற்காக. அந்த டொமைனை அதே கருவியைப் பயன்படுத்தும் மற்ற வாடிக்கையாளர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் என்னென்ன விற்கிறார்கள், யாரை எரிச்சல்படுத்துகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. ஹெடர் எனப்படும் தலைப்புப் பகுதியில் இவையும் இருந்தன:

```
List-Unsubscribe: <https://track.example.com/u/8f3a>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
Precedence: bulk
```

இப்போது இந்த மெயிலை ஜிமெயில் பார்க்கும் கோணத்திலிருந்து பாருங்கள். படங்கள், பட்டன், உளவு பிக்சல், சுற்றுவழி இணைப்பு, விலகும் தலைப்பு, மொத்தமாக அனுப்பியது என்று தானே ஒப்புக்கொள்ளும் ஒரு வரி. துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி மெயிலில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இதில் இருக்கிறது. அதோடு ஏறக்குறைய ஒரே மாதிரியான மெயில் பல ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே காலையில் வந்து இறங்குவதையும் ஜிமெயிலால் பார்க்க முடியும், ஏனென்றால் அத்தனை பெட்டிகளும் அதனுடையவை. இங்கொரு சொல், அங்கொரு சொல் மாற்றிப் போட்டு ஒவ்வொன்றும் தனி மெயில் போலக் காட்டும் வித்தையை நான் பெரிதாக நம்புவதில்லை. எலும்புக்கூடு அதேதான்.

எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை என்று கூகுள் சொல்வதில்லை. அனுப்புபவர் யார், உள்ளடக்கம் எப்படிப்பட்டது, இதே மாதிரி மெயில்களைப் படிப்பவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது என்ற அளவுக்குத்தான் வெளியே தெரியும். ஆகவே "விலகும் தலைப்பை எடுத்துவிட்டால் பிரைமரிக்குப் போய்விடும்" என்பது போன்ற ஒற்றைச் சூத்திரங்களை நம்ப வேண்டாம். அந்தத் தலைப்பை எடுப்பதில் ஆபத்தும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து, தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரம் மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நாளுக்கு முப்பது நாற்பது மெயில் அனுப்பும் குழுவுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றும் அந்தப் புகார் வரம்பும் பொருந்தும், ஆனால் ஒரே அழுத்தில் விலகும் வசதி கட்டாயமில்லை. இருந்தாலும் விலக வழி தெரியாதவர் என்ன செய்வார்? "ஸ்பாம்" பட்டனை அழுத்துவார். அந்த அடி ப்ரமோஷன்ஸைவிடப் பலமானது. சின்ன அளவில் அனுப்புகிறவர்களுக்கு, "வேண்டாமென்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று மனிதர் எழுதிய மாதிரி ஒரு வாக்கியமே போதும்.

மூன்றாவது காரணம், அதாவது படிப்பவரின் பழக்கம், இந்தக் கதையைச் சிக்கலாக்குகிறது. ஒரே மெயில், ஒரே நேரம், ஒருவருக்கு பிரைமரியிலும் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு ப்ரமோஷன்ஸிலும் விழலாம். யாராவது அந்த மெயிலை இழுத்து பிரைமரியில் போட்டால், இனி இவரிடமிருந்து வருவதெல்லாம் இங்கேயே வரட்டுமா என்று ஜிமெயில் கேட்கும். அனுப்பியவருக்கு ஒருமுறை பதில் எழுதிவிட்டால் அதற்குப் பின் வருவது பெரும்பாலும் பிரைமரியில்தான். இதனால்தான் சோதனைக்கென்று புதிதாகத் திறந்த நாலைந்து ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பிப் பார்த்து "எண்பது சதவீதம் ப்ரமோஷன்ஸ்" என்று சொல்லும் கருவிகளின் அறிக்கையை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குகளில் யாரும் வாழவில்லை. ஆண்டுக்கணக்கான மெயில் பழக்கம் கொண்ட ஒரு முதலாளியின் பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அந்த டேப் யாரிடம் இருக்கிறது

சரி, மெயில் விளம்பரம் போலத் தெரிகிறது. அடுத்த கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை: வாங்குபவர் திரையில் அந்த டேப் இருக்கிறதா?

அது ஜிமெயிலின் ஏற்பாடு. அவுட்லுக்கில் ஃபோகஸ்ட், அதர் என்று வேறு பிரிப்பு உண்டு, விதிகளும் வேறு. ஐபோனின் மெயில் ஆப்பில் 2024 டிசம்பரில் வந்த 18.2 பதிப்பிலிருந்து ப்ரமோஷன்ஸ் என்றே ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அது ஆப்பிள் தானாகப் பிரிப்பது. ஜிமெயில் கணக்கையே வைத்திருந்தாலும் அதை அவுட்லுக் மென்பொருளிலோ வேறு ஆப்பிலோ படிப்பவருக்கு ஜிமெயில் டேபுகள் தெரியாது, எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஜிமெயிலிலேயே செட்டிங்ஸில் டேபை அணைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படி அணைத்தால் ப்ரமோஷன்ஸ் மெயில்களும் பிரைமரியோடு கலந்துவிடும். கம்பெனி டொமைனில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களில் இப்படி ஒரே இன்பாக்ஸாகப் பார்ப்பவர்கள் ஏராளம்.

ஆகவே முதல் வேலை, பட்டியலில் யார் எங்கே மெயில் வைத்திருக்கிறார்கள் என்று பிரிப்பது. gmail.com என்று முடிவது கண்ணாலேயே தெரியும். சொந்த டொமைன் என்றால் ஒரு கட்டளை போதும்:

```
dig +short MX example.com
```

பதிலில் google.com என்று முடிவது வந்தால் கூகுள். mail.protection.outlook.com என்று வந்தால் மைக்ரோசாஃப்ட். zoho என்று வந்தால் ஜோஹோ. பெரிய கம்பெனிகள் முன்னால் ஒரு பாதுகாப்புச் சேவையை நிறுத்தியிருக்கும், அப்போது அதன் பெயர் வரும், பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவற்றைத் தனியாக வைத்துவிடலாம்.

இப்போது கணக்கு போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள்தான் இவை. நானூறு பேர் கொண்ட பட்டியல். மெயில் கண்ணில் பட்டால் நூற்றுக்கு நாலு பேர் பதில் எழுதுவார்கள் என்று வைப்போம். எல்லோர் கண்ணிலும் பட்டால் பதினாறு பதில்.

முதலில் கலவையான பட்டியல்: நூற்று அறுபது பேர் gmail.com, நூற்று இருபது பேர் வொர்க்ஸ்பேஸ், மீதி நூற்று இருபது பேர் மைக்ரோசாஃப்டும் மற்றவையும். gmail.com ஆட்களில் முக்கால்வாசிப் பேர், வொர்க்ஸ்பேஸில் மூன்றில் ஒரு பங்கு டேபைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால் நூற்று அறுபது பேரிடம் டேப் இருக்கிறது. அதில் பாதி மெயில் ப்ரமோஷன்ஸில் விழுகிறது என்றால் எண்பது. அங்கே விழுந்ததால் பதில் நாலிலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைகிறது என்று கொண்டால், இழப்பு ஒன்று புள்ளி ஆறு பதில். பதினாறு என்பது சுமார் பதினாலரை ஆகிறது. அந்த எண்பதில் ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை என்று வைத்தாலும் இழப்பு மூன்று புள்ளி இரண்டைத் தாண்டாது.

இப்போது பீன்யா பட்டியல். சின்னப் பட்டறைகளில் கம்பெனிக்கென்று மெயில் டொமைன் இருப்பது அபூர்வம். விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து gmail.com என்றுதான் இருக்கும். நானூறில் முந்நூற்று அறுபது அப்படி என்றால், அதே முக்கால் கணக்கில் இருநூற்று எழுபது பேரிடம் டேப் இருக்கும். லோகோவும் பட்டனும் போட்ட மெயில் அத்தனை பேருக்கும் ப்ரமோஷன்ஸில் விழுகிறது, பதில் பாதியாகிறது என்றால் இழப்பு ஐந்து புள்ளி நாலு. பதினாறில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இது சும்மா விடக்கூடிய எண் இல்லை.

அமெரிக்காவில் எழுதப்பட்ட அறிவுரைகளில் பாதி "டேபைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொல்வதும், நம் ஊர்ச் சின்ன வியாபாரத்துக்கு விற்பவர்கள் அதை ஏற்க மறுப்பதும் ஏன் என்று இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்தால் விளங்கும். அவர்கள் விற்பது கம்பெனி டொமைன் வைத்திருப்பவர்களுக்கு. நாம் விற்பது தனிப்பட்ட ஜிமெயிலில் தொழில் நடத்துபவர்களுக்கு.

பதிலைக் குறைப்பது டேபா, மெயிலா

மேலே "பதில் பாதியாகிறது" என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்தப் பாதியை எப்படி அளப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

ப்ரமோஷன்ஸில் விழுந்த மெயில்களுக்குப் பதில் குறைவு, பிரைமரியில் விழுந்தவற்றுக்கு அதிகம் என்று ஓர் அட்டவணை யாராவது காட்டினால், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து டேப்தான் காரணம் என்ற முடிவுக்கு வர முடியாது. லோகோ, பட்டன், மூன்று புள்ளிப் பயன்கள் என்று வந்த மெயிலை ஜிமெயில் எதை வைத்து விளம்பரம் என்று சொன்னதோ, அதையே வைத்துத்தான் மனிதரும் விளம்பரம் என்று முடிவு செய்கிறார். தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையில் "தாங்கள் குடும்பத்துடன்" என்று அச்சடித்திருந்தால் யாரும் போன் போட்டுப் பதில் சொல்வதில்லை. அதை ஹாலில் வைத்தாலும் டீபாயில் வைத்தாலும் அப்படித்தான். மெயில் பிரைமரியிலேயே விழுந்திருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும். மெயிலின் தோற்றம் என்ற ஒரே காரணம் டேபையும் தீர்மானிக்கிறது, பதிலையும் தீர்மானிக்கிறது. அட்டவணையில் பார்க்கும்போது டேப் பதிலைத் தீர்மானித்தது போல் தெரிகிறது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. படிப்பவர் கண்ணுக்குத் தெரியாததை மட்டும் மாற்ற வேண்டும். எழுத்து ஒன்றே, ஆனால் பாதிப் பேருக்குப் பிக்சலோடும் சுற்றுவழி இணைப்போடும், மீதிப் பேருக்கு அவை இல்லாமலும் அனுப்பலாம். மனிதருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஜிமெயிலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். பதிலில் வேறுபாடு வந்தால் அது மெயில் போய்ச் சேர்ந்த இடத்தால் வந்தது என்று ஓரளவு நம்பலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும்? பதில் விகிதம் இரண்டு சதவீதமா மூன்று சதவீதமா என்பதை வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையோடு பிரித்தறிய, ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 3,800 பேர் வேண்டும். இருநூறு பேருக்கு ஒன்று, இருநூறு பேருக்கு இன்னொன்று என்று அனுப்பினால் எதிர்பார்ப்பதே நாலு பதிலும் ஆறு பதிலும்தான். ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார் என்றாலே அந்த இரண்டு பதில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். பீன்யா, ஓசூர் இரண்டையும் சலித்தாலும் சின்னக் குழுவின் கையில் ஏழாயிரத்து அறுநூறு சுத்தமான முகவரி சேருவது கடினம். "பிக்சலை எடுத்தோம், ரிப்ளை இரட்டிப்பாச்சு" என்று யாராவது சொன்னால், எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

திறந்தவர் எண்ணிக்கையை வைத்து அளக்கலாமே என்று தோன்றும். அந்த எண் பழுதாகி வெகுநாளாகிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், அந்தப் பாதுகாப்பை ஏற்றவர்களுக்கு, படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வரும். கம்பெனிகளின் பாதுகாப்பு மென்பொருள் சிலவும் இணைப்புகளைத் தானே அழுத்திச் சோதிக்கும். ஆக, பிக்சல் சரியான தகவலும் தருவதில்லை, விளம்பர முத்திரையையும் கூட்டுகிறது. அதை வைத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை.

பதிலை எண்ணுவதிலும் ஒரு கவனம் வேண்டும். "விடுமுறையில் இருக்கிறேன்" என்று தானாக வருவதையும், "இனி அனுப்பாதீர்கள்" என்பதையும் சேர்த்து எண்ணினால் எண் ஊதிக் காட்டும். விலகுவதற்குப் பதில் எழுதச் சொன்னவுடன் பதில் விகிதம் கூடியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. பேச்சைத் தொடர விரும்பியவர்களை மட்டும் எண்ணுங்கள்.

டேப் பிரச்சினையா, ஸ்பாம் பிரச்சினையா

இதுவரை சொன்னதைவிட முக்கியமான குழப்பம் ஒன்று உண்டு. "ப்ரமோஷன்ஸில் விழுது" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் மெயில் ஸ்பாமில் விழுந்துகொண்டிருக்கும். தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிப் பார்த்தபோது ப்ரமோஷன்ஸில் வந்திருக்கும், அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். சொந்தப் பெட்டிக்கு அந்த டொமைன் பழக்கமானது என்பதை மறந்துவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க, முன்னால் பிரித்த பட்டியல் உதவும். பதில்களை கூகுள், மைக்ரோசாஃப்ட், மற்றவை என்று தனித்தனியாக எண்ணுங்கள். மைக்ரோசாஃப்ட் பக்கம் வழக்கம்போல் பதில் வருகிறது, கூகுள் பக்கம் ஏறக்குறைய சுத்தமாக நின்றுவிட்டது என்றால், அது டேப் இல்லை. டேப் பதிலைக் குறைக்கும், நிறுத்தாது. அந்த அளவுக்கு விழுந்தால் ஸ்பாமைத்தான் சந்தேகிக்க வேண்டும். வொர்க்ஸ்பேஸ் ஆட்களும் gmail.com ஆட்களும் சேர்ந்தே மௌனமாகிவிட்டால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். டேப் குறைவாகப் பயன்படும் இடத்திலும் பதில் வராததற்கு டேப் எப்படிக் காரணமாக முடியும்?

அப்போது பார்க்க வேண்டியது "Show original" பக்கத்தின் மேலே இருக்கும் மூன்று வரிகளை. SPF, DKIM, DMARC மூன்றிலும் PASS இருக்க வேண்டும். ஒன்றில் FAIL என்றால் எழுத்தைத் திருத்துவதில் நேரத்தைப் போடாதீர்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் கூகுள் பக்கம் மௌனம் என்றால், டொமைன் புதிதா, முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் அனுப்பினார்களா, பட்டியலில் செத்த முகவரிகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் புகார் விகிதம் தெரியும், ஆனால் கணிசமான அளவு அனுப்புபவர்களுக்குத்தான் அங்கே எண்கள் வரும். சின்னக் குழுக்களுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

டேப்தான் என்பதற்கு ஒரு சின்ன அடையாளமும் உண்டு, நான் அதைக் கவனிக்கப் பழகியிருக்கிறேன்: பதில் வரும் வேகம். பிரைமரியில் மணி அடித்துப் பார்த்தவர் பதில் எழுதுவதாக இருந்தால் அன்றைக்கே எழுதிவிடுவார். ப்ரமோஷன்ஸை எப்போதாவது ஒருமுறை திறந்து துப்புரவு செய்பவர் மூன்று நாள் கழித்து, சில நேரம் ஞாயிற்றுக்கிழமை எழுதுவார். கூகுள் பக்கத்துப் பதில்கள் மைக்ரோசாஃப்ட் பக்கத்தைவிடத் தாமதமாக வருகின்றன, ஆனால் வருகின்றன என்றால் அங்கே டேப் வேலை செய்கிறது.

பீன்யா குழு என்ன மாற்றியது

அவர்களுடைய மெயில் டேப் பிரச்சினைதான், ஸ்பாம் இல்லை. கூகுள் பக்கத்திலிருந்து பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன, தாமதமாக.

பிக்சலை அணைத்தார்கள். இணைப்புச் சுற்றுவழியை அணைத்தார்கள். லோகோ, பட்டன், ஐகான்கள் எல்லாம் போயின, கையெழுத்தில் பெயரும் போன் எண்ணும் மட்டும் மிச்சம். இது ஒரு மதியத்தில் முடிந்த வேலை. அதிக நேரம் எடுத்தது எழுத்து. பழைய மெயிலில் பட்டறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, முழுக்க மென்பொருளைப் பற்றித்தான். புதியது இப்படிப் போனது:

"வணக்கம் சார். பீன்யா இரண்டாம் ஃபேஸில் உங்கள் யூனிட்டில் இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். இரவு ஷிஃப்ட் ஆட்கள் நள்ளிரவைத் தாண்டி வெளியே போகும்போது பயோமெட்ரிக் மெஷின் அதை மறுநாள் வருகையாக எழுதிவிடும், மாதக் கடைசியில் அக்கவுண்டன்ட் கையால் திருத்த வேண்டியிருக்கும். உங்களிடமும் அப்படித்தானா? இருந்தால் நாங்கள் அதைச் சரிசெய்யும் விதத்தை நேரில் வந்து காட்டுகிறேன். வேண்டாமென்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி அனுப்ப மாட்டேன்."

இணைப்பே கிடையாது. ஷிஃப்ட் தேதி மாறும் தொல்லை அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாதா மாதம் வரும் தலைவலி. அதைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட மெயில் பெரும்பாலும் பிரைமரியில் விழுகிறது என்பது உண்மைதான், ஆனால் பதில் கூடியதற்கு அதுதான் காரணமா, ஷிஃப்ட் வாக்கியம் காரணமா என்று அவர்களால் சொல்ல முடியாது. முன்னால் சொன்ன 3,800 பேர் கணக்கு இவர்களுக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால் ஷிஃப்ட் வாக்கியத்தின் பக்கம்தான் சாய்வேன்.

பிறகு ஒரு விஷயம் தெரிய வந்தது. பல பட்டறைகளில் அந்த ஜிமெயிலை முதலாளி திறப்பதே இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர், டிராயிங், ஜிஎஸ்டி அறிவிப்பு எல்லாம் அதே பெட்டிக்குத்தான் வரும், அக்கவுண்டன்ட் அம்மா கம்ப்யூட்டரில் பார்ப்பார், வேண்டியதை முதலாளிக்கு வாட்ஸாப்பில் தட்டிவிடுவார். ப்ரமோஷன்ஸ் டேப் அவர் கண்முன்னேயே இருக்கிறது, ஆனால் அங்கே பார்க்க அவருக்கு வேலை எதுவும் இல்லை.

அதனால் அவர்கள் மெயில் போன இரண்டாம் நாள் பட்டறைக்குப் போன் செய்கிறார்கள். "அம்மா, ஷிஃப்ட் கணக்கு பற்றி ஒரு மெயில் போட்டிருந்தேன், எங்கள் கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்கள்" என்று சொன்னால் போதும். ஜிமெயிலில் தேடும்போது எல்லா டேபிலும் சேர்த்துத்தான் தேடும். மெயில் எந்த டேபில் விழுந்திருந்தாலும் மேலே வந்து நிற்கும், அவர் முதலாளிக்கு அனுப்பிவிடுவார், அங்கிருந்து பதில் எழுதினால் அடுத்த மெயில் பெரும்பாலும் பிரைமரிக்கே போகும்.